செனான் போனதும் சமாரியத்தை மறப்பது: அணு உலை நச்சுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில், அணுமின் நிலையப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் உலை இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் சமாரியம் இருப்பதை அறிந்தவர்கள் என்பதால், அவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. ஆயினும் சென்ற வாரம் நான் கொடுத்த ஒரு கணக்கில், ஐவரில் நால்வர், பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவற்றைச் செய்திருந்தார்கள். அலகு மாற்றும் பிழைகள் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று நாள் பொறுத்தால் நஞ்செல்லாம் போய்விடும் என்று கொள்வது

உலையில் நியூட்ரானை விழுங்கித் தொடர்வினையைத் தணிக்கும் பொருளை நஞ்சு என்கிறோம். அத்தகைய நஞ்சான செனான்-135 பெரும்பாலும் அயோடின்-135 சிதைவதால் உண்டாகிறது. அயோடினின் அரை ஆயுள் ஏறத்தாழ 6.6 மணி நேரம். செனானின் அரை ஆயுள் 9.1 மணி நேரம். முழுத் திறனில் ஓடிய உலையை நிறுத்தினால், செனான் பத்துப் பதினொரு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு தானும் சிதைந்து மூன்று நாளில் அநேகமாக மறைந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைப் படித்தவர்கள், சமாரியம்-149 மெதுவாக நடக்கும் இன்னொரு செனான் என்று எண்ணிவிடுகிறார்கள். சமாரியம்-149 சிதையாத அணு. நியூட்ரானை விழுங்கினால் ஒழிய அது குறையாது. உலை நின்றபின் நியூட்ரான் இல்லை, ஆனால் உலை ஓடும்போது சேர்ந்த, 53 மணி நேர அரை ஆயுளுள்ள புரோமீத்தியம்-149 தொடர்ந்து சமாரியமாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே சமாரியம் ஏறும், ஏறிய இடத்திலேயே நிற்கும்.

எவ்வளவு ஏறும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வெப்ப நியூட்ரான் பாயம் φ ஒரு சதுர செ.மீ.க்கு வினாடிக்கு 3 × 10¹³ என்றும், சமாரியத்தின் உறிஞ்சு பரப்பு σ சுமார் 41,000 பார்ன், அதாவது 4.1 × 10⁻²⁰ சதுர செ.மீ. என்றும் கொள்வோம். λPm என்பது புரோமீத்தியத்தின் சிதைவு வீதம்.

```
φσ  = 3e13 × 4.1e-20   = 1.23e-6 /s
λPm = 0.693 / (53.1 h) = 3.63e-6 /s
φσ / λPm = 0.34
```

நிறுத்தும் வேளையில் உலையில் இருக்கும் புரோமீத்தியம், சமாரியத்தில் 34 விழுக்காடு என்பது இதன் பொருள். தொடர்வினையைத் தூண்டும் வலிமையை ரியாக்டிவிட்டி என்கிறோம். சமநிலைச் சமாரியம் அதில் 700 பி.சி.எம். அளவைப் பிடித்து வைத்திருந்தால், பதினோரு நாளில் அது சுமார் 940 ஆகிவிடும். ஒரு பி.சி.எம். என்பது இலட்சத்தில் ஒரு பங்கு.

அந்த 240-ஐத்தான் நான் விட்டேன். பன்னிரண்டு நாள் நின்ற உலையை மீண்டும் இயக்க, நீரில் கலந்து நியூட்ரானை விழுங்கும் போரானின் எந்தச் செறிவில் உலை கிரிட்டிக்கல் ஆகும், அதாவது தொடர்வினை தானாகவே நிலைத்து நடக்கும் என்று கணித்தபோது, செனானுக்குச் சுழியம் எழுதிவிட்டு, சமாரியத்துக்கு நிறுத்துவதற்கு முந்தைய மதிப்பையே எழுதினேன். ஒரு பிபிஎம் போரானுக்கு 9 பி.சி.எம். என்று வைத்தால், பிழை ஏறத்தாழ 27 பிபிஎம். போரான் நான் சொன்ன செறிவுக்கு இறங்கியும் எண்ணுமானிகளின் ஏற்றம் தணிந்து நின்றுவிட்டது. உலை கிரிட்டிக்கல் ஆகவில்லை. எதிர்பார்த்த இடத்தில் வராதபோது காரணம் தெரியாமல் நீர்க்கச் செய்வதைத் தொடரக்கூடாது என்பதால் வேலையை நிறுத்தினோம். கணக்குத் தாளை முதலிலிருந்து சரிபார்ப்பதிலேயே இரவுப் பணி முழுவதும் கழிந்தது. மூத்த பொறியாளர் ஒருவர் தாளில் விரலை வைத்து, "தம்பி, செனான் போயாச்சு, சரி. புரோமீத்தியம் எங்கே போச்சு?" என்று கேட்டார். இப்போதும் ஒரு மாணவர் அந்தக் கட்டத்தில் பழைய எண்ணை எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

இதே நாள்களில், 2.4 நாள் அரை ஆயுளுள்ள நெப்டூனியம்-239 புளூட்டோனியமாக மாறி ரியாக்டிவிட்டியைக் கூட்டும். அது சமாரியத்தின் ஏற்றத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்வதும் உண்டு. எங்கள் தாளில் அதற்குத் தனி வரி இருந்தது. அத்தகைய வரி இருக்கும்போது சமாரியத்தின் ஏற்றத்தை விட்டால், கூட்டலை மட்டும் எழுதிக் கழித்தலை மறந்ததாகிவிடும்.

சமநிலைச் சமாரியத்தைத் திறனோடு பெருக்குவது

பெருக்காதீர்கள். அதன் சமநிலை அளவு பாயத்தைச் சார்ந்ததன்று. நிறுத்தியபின் ஏறும் அளவுதான் சார்ந்தது.

புதிய எரிபொருளில் இரண்டே நாளில் சமநிலை என்று எழுதுவது

அது செனானுக்கு. மேற்கண்ட பாயத்தில் சமாரியத்துக்கு ஒரு மாதம் போலாகும்.

மீண்டும் இயக்கியதும் 940 நேராக 700-க்கு இறங்கி நின்றுவிடும் என்று எண்ணுவது

நீண்ட நிறுத்தத்துக்குப் பின் முழுத் திறனுக்கு வந்த உலையில் சமாரியம் எரியத் தொடங்கும்; ஆனால் அதை ஈடுசெய்ய வேண்டிய புரோமீத்தியம் சுழியத்திலிருந்துதான் சேர வேண்டும். அந்த இடைவெளியில் சமாரியம் 700-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். அதே பாயத்துக்குக் கணக்கிட்டால், ஐந்தாம் நாளில் அது 700-ஐக் கடந்து, பத்தாம் நாள் வாக்கில் சுமார் 27 பி.சி.எம். குறைவாக இருந்து, பிறகு பல வாரங்களில் மேலேறிச் சமநிலைக்குத் திரும்பும். இந்தச் சிறு பள்ளம், செனான் நிலைபெற்றபின் போரான் அளவீட்டில் விளக்கமில்லாத 3 பிபிஎம் வேறுபாடாகத் தலைகாட்டும்போது, அளவிட்ட ஆய்வகத்தின் மேல் குறை சொல்லுமுன் நிறுத்தத்தின் தேதியைப் பாருங்கள்.