நான்கு ஷிஃப்ட், ஒரே அறை: பகலில் தூங்குபவருக்கான ஏற்பாடு

நான்கு பேர் தங்கும் அறையில் ஆளுக்கொரு ஷிஃப்ட் என்றால், அதிகம் அடிபடுவது இரவு வேலை முடித்துக் காலையில் படுப்பவரின் தூக்கம்தான். காரணம் வெளிச்சமும் சத்தமும் மட்டுமல்ல. காலை நேரத்தில் உடல் வெப்பநிலை ஏறத் தொடங்குகிறது, உடல் விழித்திருக்கத் தயாராகிறது. அதனால் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட மெல்லியது. நண்பகல் நெருங்க நெருங்க இன்னும் மெல்லியதாகும். இரவில் யாரும் கவனிக்காத பிளாஸ்டிக் பையின் சரசரப்பு பகல் பதினொரு மணிக்கு ஆளை எழுப்பிவிடும். ஆகவே அறையை அவருக்காக அமையுங்கள். மற்றவர்களுக்கும் அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பலரும் முதலில் இயர்பிளக் வாங்குவார்கள். அது கடைசி வேலை. முதலில் அட்டவணை.

1. அட்டவணை: பெயரை எழுதாதீர்கள், ஷிஃப்டை எழுதுங்கள்

ஒரு தாளில் 24 மணி நேரத்தைக் குறுக்காகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு வரிசை. அதில் வேலை நேரத்தை அல்ல, தூங்கும் நேரத்தை நிழலிடுங்கள். ஷிஃப்ட் வாராவாரம் மாறும் இடமென்றால் பெயர்களைத் தனிச் சீட்டில் எழுதி கிளிப்பில் மாட்டுங்கள், மாற்றுவது சுலபம்.

ஓர் எடுத்துக்காட்டு. காலை ஷிஃப்ட் 6 முதல் 2 வரை: தூக்கம் இரவு 9 முதல் 4:30. மாலை ஷிஃப்ட் 2 முதல் 10 வரை: தூக்கம் நள்ளிரவு 12 முதல் 7:30. இரவு ஷிஃப்ட் 10 முதல் 6 வரை: தூக்கம் காலை 7:30 முதல் 2. பொது ஷிஃப்ட் 9 முதல் 6 வரை: தூக்கம் இரவு 10:30 முதல் 6:30.

நிழலிட்டதைப் பார்த்தாலே சண்டை எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அதிகாலை 4:30 மணி அலாரம், இரவு 10:30 மணிக்கு மாலை ஷிஃப்டுக்காரர் திரும்புவது, காலை 7:30 முதல் 8:30 வரை பொது ஷிஃப்டுக்காரரும் மாலை ஷிஃப்டுக்காரரும் தயாராகும் பரபரப்பு. மூன்றே மூன்று இடங்கள். விதிகளை இவற்றுக்கு மட்டும் போடுங்கள். ‘எப்போதும் அமைதி’ என்று எழுதி ஒட்டினால் இரண்டே நாளில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

இந்த அறைக்கு விதிகள் இப்படி அமையும். 4:30க்கு எழுபவர் ஒரே அலாரம்தான் வைக்க வேண்டும், அதுவும் தலையணைக்கு அடியில் அதிர்வாக, ஸ்னூஸ் கூடாது. அவர் ஒருவர் எழுவதற்காக மற்றவர்கள் மூன்று முறை விழிப்பது பெரும்பாலும் ஸ்னூஸால்தான். 10:30க்கு வருபவர் மாற்றுடை, துண்டு, பல்துலக்கி எல்லாவற்றையும் வேலைக்குப் போகுமுன்பே ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். திரும்பியதும் விளக்குப் போடாமல் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போகலாம். காலையில் பொது ஷிஃப்டுக்காரர் 7:30க்குள்ளும், மாலை ஷிஃப்டுக்காரர் 7:30க்கு எழுந்தவுடனும் தேவையானதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். தலைவாருவது, பை அடுக்குவது, போன் பேசுவது எல்லாம் தாழ்வாரத்தில். பெரிய விளக்கு எரியலாம் என்ற நேரம் மதியம் 2 முதல் இரவு 9 வரை. மற்ற நேரத்தில் கீழ்நோக்கிப் பிடித்த சின்ன டார்ச் போதும்.

மதியம் 1 மணிக்கே விழிப்பு வந்து தூக்கம் போய்விடுகிறதா? அதை வீம்பாக நீட்ட முயல வேண்டாம். மாலை 7 மணிவாக்கில் ஒன்றரை மணி நேரம் படுத்தால் அன்றைய இரவுக்கு ஓரளவு ஈடாகும். காபி, டீயை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்திவிடுவதும் அவசியம். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

2. கட்டில்

இரவு ஷிஃப்டுக்காரருக்குக் கதவுக்கு எதிர்ப்புறச் சுவரோரம், கீழ்க்கட்டில். மேலே விளக்குக்கு அருகில் இருப்போம், சூடும் அதிகம், திரை மாட்டவும் பிடிமானம் இல்லை. அதிகாலையில் எழுபவருக்குக் கதவோரக் கட்டில்.

3. திரை

இருட்டடிப்புத் துணிதான் வேண்டும். வாங்குமுன் துணிக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

கட்டில் நீளம் 190 செ.மீ. என்றால் இரு முனைகளிலும் கம்பத்தைச் சுற்றி மடிய 25 செ.மீ. வீதம் சேர்த்து அகலம் 240 செ.மீ. உயரத்துக்கு, மேல்கட்டில் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ்மெத்தையின் மேற்பரப்பு வரை அளந்து, 25 செ.மீ. கூட்டுங்கள். அந்த இடைவெளி 100 என்றால் 125, மடித்துத் தைக்க இன்னொரு 5.

சுருள்கம்பியிலோ கயிற்றிலோ தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து மேலே பிளவு விழும். வெளிச்சம் நேராக முகத்தில் வரும். அதற்குப் பதில் துணியின் மேல் விளிம்பில் 25 செ.மீ.க்கு ஒரு ஓட்டை வீதம் வளையமிட்டு, கேபிள் டை கொண்டு மேல்கட்டில் சட்டத்திலேயே இறுக்கிவிடுங்கள். ஆணியோ துளையோ தேவைப்படாது. கீழ்ப்பக்கத்தை மட்டும் எதிலும் கட்டாதீர்கள், மெத்தைக்கு அடியிலும் செருகாதீர்கள். அவசரத்தில் ஒரே கையால் தள்ளிக்கொண்டு வெளியே வர முடிய வேண்டும்.

வியர்த்து விழிப்பதென்றால் திரை மிக நன்றாக அடைத்துவிட்டது என்று பொருள். கால்பக்கம் 15 செ.மீ. திறந்துவிட்டு, அங்கே சின்ன மின்விசிறியைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். அதன் ஒரே சீரான இரைச்சல் திடீர்ச் சத்தங்களை ஓரளவு மூடும் என்பது கூடுதல் லாபம். சார்ஜரையும் பல்பையும் துணியில் படாமல் வையுங்கள்.

திரை வெளிச்சத்தைத் தடுக்கும். சத்தத்தை அநேகமாகத் தடுக்காது. பெட்டிக்குள் இருப்பதுபோல் தோன்றுவதால் வெளியே பேசுபவர்கள் குரலைத் தாழ்த்த மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

4. இயர்பிளக்

நுரை வகையை எடுங்கள். அட்டையில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும், அது சரியாகச் செருகியவருக்கான ஆய்வக அளவு. அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடத் தேறாது.

கையைக் கழுவித் துடையுங்கள். பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் நேராகும். உடனே செருகி, விரல்நுனியால் 30 விநாடி பிடித்திருங்கள். நுரை உள்ளேயே விரிந்து அடைக்க அந்த நேரம் வேண்டும். சரியா என்று பார்க்க இரு உள்ளங்கைகளால் காதுகளை மூடிப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றால் செருகியது போதவில்லை. மீண்டும் உருட்டுங்கள்.

எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெல்லத் திருகி இழுங்கள். அழுக்கானாலோ விரைப்பாகிவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். காதில் வலி, சீழ், செவிப்பறைக் கிழிசல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். சரியாகச் செருகியும் மேல்கட்டிலில் ஆள் திரும்பிப் படுப்பது எழுப்புகிறதென்றால் அது காது வழியாக வரவில்லை, சட்டத்தின் அதிர்வு. நட்டு போல்ட்டை முறுக்குங்கள்.

இயர்பிளக்கோடு அலாரம் கேட்காமல் போகலாம். கைக்கடிகார அதிர்வையோ தலையணை அதிர்வையோ விடுமுறை நாளில் ஒருமுறை சோதித்துவிட்டே நம்புங்கள். தீ அபாய மணிக்கும் இதே கதைதான்: பகலில் அறையைவிட்டுக் கடைசியாகக் கிளம்புபவர், திரைக்குள் ஆள் தூங்குகிறார் என்று பக்கத்து அறையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்தால் வந்து காலைத் தட்டி எழுப்புவது அவர் பொறுப்பு என்பதை அட்டவணைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.