எந்தக் கேபிள் எந்த சாக்கெட்டுக்குப் போகிறது? டோனரும் புரோபும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

முன்பு வேறு யாரோ இருந்துவிட்டுப் போன ஆபீஸுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ராக்கில் கேட்6 கேபிள்கள் வந்து பேட்ச் பேனலில் உட்கார்ந்திருக்கும், சுவரில் அங்கங்கே நெட்வொர்க் சாக்கெட் இருக்கும், எதற்கும் லேபிள் இருக்காது. ஒவ்வொரு சாக்கெட்டாக லேப்டாப்பைச் செருகி, ஸ்விட்ச்சில் எந்த விளக்கு எரிகிறது என்று ஒருவர் கத்திக் கத்திச் சொல்லியும் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், கேபிளும் இரண்டு பக்கமும் ஒழுங்காக முடிக்கப்பட்டிருக்க வேண்டும். டோனர் செட் இருந்தால் ஒரே ஆள் போதும்.

செட்டில் இரண்டு பொருள். ஒன்று டோன் ஜெனரேட்டர், பேச்சுவழக்கில் டோனர். கேபிளுக்குள் காதுக்குக் கேட்கக்கூடிய அலைவரிசையில் ஒரு சிறு சிக்னலை அனுப்பும். இரண்டாவது புரோப், பேனா மாதிரி மூக்கு நீண்ட கருவி. கேபிளைச் சுற்றி உண்டாகும் மின்புலத்தை மூக்கு நுனியால் பிடித்து, பெருக்கி, ஸ்பீக்கரில் ஒலிக்க வைக்கும். செம்பைத் தொட வேண்டியதில்லை, மேலுறைக்கு வெளியிலிருந்தே கேட்கும். டோனரின் ஒலி இரண்டு சுரங்களுக்கு இடையில் மாறி மாறி வரும்படி வைத்திருப்பார்கள், அதனால் கரண்ட் ஒயரிலிருந்து வரும் ஒரே மாதிரியான உர்ர்ர் இரைச்சலோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள்

தேட வேண்டிய கேபிளை ஸ்விட்ச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு காரணம். ஸ்விட்ச் போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்தடைகளும் டோனை விழுங்கிவிடும், சாதாரண அனலாக் டோனராக இருந்தால் மறுமுனையில் கிட்டத்தட்ட எதுவுமே கேட்காது. இன்னொன்று, அது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச்சாக இருந்தால் ஒயரில் ஏறக்குறைய 48 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கலாம், மலிவு டோனர்கள் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. கழற்றுவதற்கு முன் போர்ட்டில் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் அது சிசிடிவி கேமராவாகவோ பில்லிங் மெஷினாகவோ இருக்கலாம், ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடுங்குவது நல்லது.

மறுமுனையிலும் எதுவும் செருகியிருக்கக் கூடாது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தானே தேடுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். சரி, பார்க்கும் சாக்கெட்டில் எல்லாம் செருகியிருப்பதைக் கழற்றிக்கொண்டே போங்கள்.

கிளிப்பை எங்கே மாட்டுவது

புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். டோனரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கிளிப் இருக்கும். பார்த்தவுடன் ஒரு ஜோடியில், அதாவது ஆரஞ்சிலும் வெள்ளை-ஆரஞ்சிலும், மாட்டத்தான் கை போகும். அப்படி மாட்டினால் டோன் கேபிளைவிட்டு மிக மெல்லிசாகத்தான் வெளியே வரும். ஒயர்களை ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பதே அதற்காகத்தான்: ஒரு ஒயரின் புலத்தை இன்னொன்று பெருமளவு ரத்து செய்துவிடும். அதனால் சிவப்பை ஒரு ஜோடியின் ஒயரிலும் கறுப்பை வேறொரு ஜோடியின் ஒயரிலும் மாட்டுங்கள். நான் எப்போதும் ஆரஞ்சும் நீலமும் எடுப்பேன்.

கறுப்பை ராக்கின் எர்த்தில் மாட்டினால் சத்தம் இன்னும் பலமாக வரும். ஆனால் பக்கத்துக் கேபிள்களிலும் அதே அளவுக்குப் பரவும், ஆகவே ஒரு கொத்துக்குள் தேடும்போது அது உதவாது.

பேட்ச் பேனலில் கிளிப் மாட்ட இடமில்லை. ஒரு பழைய பேட்ச் கார்டை நடுவில் வெட்டுங்கள். இரண்டு பாதியிலும் ஆரஞ்சு, நீலம் இரண்டு ஒயரை மட்டும் ஒரு சென்டிமீட்டர் உரித்து, மீதி ஆறையும் ஒட்ட வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை நீலம் வேண்டாம், முழு நிறம் உள்ளவை. ஒரு பாதியை பேனலில் செருகி டோனரின் கிளிப்களை மாட்டுங்கள். இன்னொரு பாதி சட்டைப் பையில் இருக்கட்டும், கடைசியில் அதுதான் தீர்ப்பு சொல்லப்போகிறது. டோனரிலேயே ஆர்ஜே45 பிளக் வந்தாலும் நான் இந்த வெட்டிய கார்டைத்தான் பயன்படுத்துவேன், ஏனென்றால் அந்த பிளக் எந்த ஒயர்களில் டோனை ஏற்றுகிறது என்று பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள்.

நடக்க ஆரம்பிப்பதற்கு முன்

டோனரை ஆன் செய்து, புரோபை அதே கேபிளுக்குப் பக்கத்தில் வைத்து ஒலியைக் கேளுங்கள். புரோபின் சத்தச் சக்கரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இந்தக் கேபிளில் மட்டும் கேட்டு பக்கத்துக் கேபிளில் அடங்கும் நிலை எது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள். இங்கேயே சத்தம் நொண்டினால் பேட்டரி போயிருக்கிறது, அல்லது கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது மறுமுனையில் ஏதோ செருகியிருக்கிறது. பெரும்பாலான செட்டில் டோனருக்கு ஒன்று, புரோபுக்கு ஒன்று என்று தனித்தனி 9 வோல்ட் பேட்டரி, ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவார்கள்.

ஒரு உதாரணம்

ஒரு சின்ன ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். பேனலில் 12 கேபிள், சுவரில் ஆறு ஃபேஸ் பிளேட், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாக். நமக்கு வேண்டியது பேனலின் ஏழாம் போர்ட் எங்கே போகிறது என்பது.

புரோபின் சத்தத்தை முழுக்க வைத்து அறை அறையாகப் போங்கள். ஜாக்கின் வாய்க்குள் நுனியை விட்டு, உள்ளே தெரியும் தங்க நிறக் கம்பிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சுவரின் மேல் தடவுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது, அங்கேதான் செம்பு வெளியே தெரிகிறது. வரவேற்பறையில் எதுவும் இல்லை. மேனேஜர் அறையில் மிக மெல்லிசாக ஏதோ கேட்கிறது. மீட்டிங் அறைக்குப் போனால் இரண்டு ஜாக்கிலும் கணீரென்று அடிக்கிறது.

எந்த ஜாக்? இரண்டு கேபிளும் ஒரே பைப்புக்குள் பல மீட்டர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன, ஒன்றில் ஓடும் டோன் இன்னொன்றிலும் ஏறிக்கொண்டது. மேனேஜர் அறையில் கேட்டதும் அப்படித்தான், அந்தக் கேபிள் பாதி தூரம் வரை இதே கொத்தில் வந்து பிரிந்திருக்கும். இப்போது சக்கரத்தை மெதுவாகக் குறையுங்கள். இடது ஜாக் கேட்கிறது, வலது அடங்குகிறது என்றால் இடதுதான் என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், ஆனாலும் காதை மட்டும் நம்பி லேபிள் ஒட்டாதீர்கள்.

பையில் வைத்த இன்னொரு பாதி பேட்ச் கார்டை இடது ஜாக்கில் செருகுங்கள். புரோபை ஒரு கையில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உரித்த ஆரஞ்சையும் நீலத்தையும் ஒன்றோடு ஒன்று தொடவிடுங்கள், உறை இருக்கும் இடத்தில் பிடித்து, விரல் செம்பில் படாமல். சரியான கேபிளாக இருந்தால் தொட்ட நொடியில் டோன் சட்டென்று செத்துவிடும், பிரித்தால் திரும்ப வரும். டோனர் கொடுக்கும் சிக்னல் அந்த இரண்டு ஒயருக்கும் இடையில்தான், அதை நீங்கள் இந்த முனையில் ஷார்ட் செய்துவிட்டீர்கள். தவறான ஜாக்கில் இதையே செய்தால் சத்தத்தில் சொல்லும்படி மாற்றம் இருக்காது, காரணம் அங்கே கேட்பது கசிந்து வந்த ஒலி, அதன் மூலம் வேறு கேபிளில் இருக்கிறது. சரியான ஜாக்கை ஷார்ட் செய்யும்போது யாராவது வலது ஜாக்கில் காது வைத்திருந்தால் அங்கேயும் சேர்ந்து அடங்குவதைக் கேட்கலாம்.

டோனர் தொடுமுனைகள் ஷார்ட் ஆனால் கெட்டுப்போகுமா என்று கேட்பார்கள். ஆகாது, இந்தச் சோதனைக்கு அது தாங்கும்.

உறுதியானதும் அந்த நிமிஷமே இரண்டு முனையிலும் எழுதிவிடுங்கள். ஃபேஸ் பிளேட்டில் 7, பேனலில் ‘மீட்டிங் இடது’. அடுத்த கேபிளை முடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏழா எட்டா என்று மறுபடி நடக்க வேண்டிவரும்.

ஒரே ஒரு சாக்கெட்தான் தெரிய வேண்டும் என்றால்

திருப்பிச் செய்யுங்கள். டோனரைச் சாக்கெட்டில் மாட்டிவிட்டு, புரோபோடு ராக்குக்குப் போங்கள். ஆபீஸ் முழுக்கச் சுற்ற வேண்டாம், ஒரு நடையில் முடிந்துவிடும். ராக்கில் கேபிள்கள் கற்றையாகக் கட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் கொஞ்சம் பிரித்து, மற்றவற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக் கேளுங்கள். கேபிள் பேனலில் முடிந்திருந்தால் ஜாக் வாயிலேயே கேட்பது நல்லது.

எங்கேயுமே கேட்கவில்லை என்றால்

ராக்கில் கேட்கிறது, எந்தச் சாக்கெட்டிலும் இல்லை. முதலில் கேபிளின் மேலுறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். எஃப்டிபி, எஸ்டிபி என்று இருந்தால் அது ஃபாயில் சுற்றிய கேபிள், வழியெங்கும் டோன் வெளியே வராது, முனையில் ஒயர் வெளிப்படும் இடத்தில் மட்டும்தான் கேட்கும். அதனால் சுவரைத் தடவாமல் ஜாக்குக்குள்ளேயே தேட வேண்டும்.

சாதாரண யுடிபி கேபிளாக இருந்தால், ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கிக் கேபிள் போகும் வழியே புரோபைக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் திடீரென்று சத்தம் விழுந்தால் அங்கே இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கேபிள் அறுந்திருக்கும், வேலை செய்தவர்கள் ட்ரில் போட்டதோ எலி கடித்ததோ. இல்லாவிட்டால் மேலே ஒரு ஐந்து போர்ட் ஸ்விட்ச்சை யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அது டோனை வலுவிழக்கச் செய்யும், மிஞ்சுவதும் அங்கேயே முடிந்துவிடும். கரண்ட் இல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த ஸ்விட்ச்சில் வந்து சேரும் கேபிளைக் கழற்றி, அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றையும் புதிய கேபிளாக நினைத்து டோனரை அங்கேயே மாட்டி மறுபடி தேடுங்கள். ராக்கில் ஏழாம் போர்ட்டுக்கு எதிரே ‘சீலிங் ஸ்விட்ச்’ என்று எழுதுங்கள், ஸ்விட்ச்சின் மேலும் 7 என்று எழுதி, எந்தப் பலகைக்கு மேலே இருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.