படுக்கை நனைவது இரவில், கவனிக்க வேண்டியது பகலில்

ஆறு வயதுப் பிள்ளை படுக்கையை நனைத்தால், பல வீடுகளில் மாலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். பகலில் எவ்வளவு குடித்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 210 மில்லி கொள்ளும் (வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் வரும் கணக்கு). பள்ளியில் 200 மில்லி மட்டுமே குடித்த குழந்தை, நான்கு மணிக்குத் தாகத்தோடு வந்து, ஒன்பது மணிக்குள் 700 மில்லி குடித்தால், அதில் ஒரு பகுதி தூக்கத்தில் சிறுநீராக இறங்கும். பை நிறைந்தாலும் ஆழ்ந்து தூங்கும் குழந்தைக்கு விழிப்பு வராது. பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல இது, சோம்பலும் அல்ல. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

தண்ணீரைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். காலையில் 250, பள்ளியில் 500, வீடு வந்ததும் 250, இரவு உணவோடு 150 மில்லி. வெயில் நாளிலும் ஓடியாடிய நாளிலும் இன்னும் கூடும். படுக்கும் முன் கடைசி ஒரு மணி நேரம் தாகத்துக்கு ஒன்றிரண்டு மிடறு போதும். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்தே தண்ணீர் குடிக்காத குழந்தைகள் நிறைய. அதையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, அதிகம் தவறவிடப்படுவது மலச்சிக்கல். மலக்குடல் நிறைந்து சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பையில் இடம் குறைகிறது. தினமும் போகிற குழந்தைக்கும் இது இருக்கலாம். மலம் கெட்டியாக, உருண்டை உருண்டையாக வந்தாலோ, உள்ளாடையில் கறை பட்டாலோ சந்தேகப்படுங்கள். இதைச் சரிசெய்ததும் படுக்கை நனைவதும் நின்றுவிடுவது உண்டு.

நள்ளிரவில் தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போய்க் கழிக்க வைத்தால் அன்று மெத்தை தப்பும், ஆனால் பை நிறைந்ததை உணர்ந்து விழிக்கும் பழக்கம் வராது. ஈரமில்லாத இரவுக்குப் பரிசு என்பதும் சரிவராது. தூக்கத்தில் நடப்பது அதன் கையில் இல்லை, கிடைக்காத பரிசு தண்டனையாகவே தெரியும். நேரத்துக்குத் தண்ணீர் குடித்ததற்கும் படுக்கும் முன் கழிப்பறைக்குப் போனதற்கும் பாராட்டுங்கள். ஈரத் துணியை மாற்றும்போது கூட உதவச் சொல்லலாம், ஏச்சு இல்லாமல். அண்ணன், அக்கா, விருந்தாளிகள் முன் இந்தப் பேச்சே வேண்டாம்.

இப்படியே இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை இரவு நனைந்தது, மலம் எப்படி, எவ்வளவு குடித்தது. மாற்றமே இல்லாமல், பிள்ளைக்கும் அது கவலையாக இருந்தால் மருத்துவரிடம், நனையத் தொடங்கியதும் ஒலித்து எழுப்பும் ஈர அலாரம் பற்றிக் கேட்கலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். தொடக்கத்தில் பெற்றோரும் எழுந்து குழந்தையை எழுப்ப வேண்டிவரும்.

ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்து திடீரெனத் தொடங்கினாலோ, பகலிலும் கசிந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், பலத்த குறட்டை இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அளவுக்கு மீறிய தாகமும் எடைக்குறைவும் சேர்ந்தால் நீரிழிவாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.