"எது காணோம்?": ஒரு தட்டு, ஒரு துண்டு, ஐந்து நிமிடம்

என் தங்கை மகனுக்கு ஆறு வயது. புத்தகத்தைத் திறந்த இரண்டாவது நிமிடமே எழுந்து ஓடிவிடுவான். அவனோடு ஆடிப் பழகிய விளையாட்டு இது. டிவியை அணைத்துவிட்டுத் தரையில் எதிரெதிரே உட்காருங்கள்.

படி 1. தட்டில் நான்கு பொருள்கள் வையுங்கள்: சாவி, ஸ்பூன், ரப்பர், சட்டைப் பொத்தான். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது. நான் முதல் நாள் ஆசையில் எட்டு வைத்தேன், ஆள் ஓடியே போய்விட்டான்.

படி 2. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறுமனே "பாரு" என்றால் முகம் தட்டுப் பக்கம் இருக்கும், கண் ஜன்னலுக்குப் போய்விடும். தொட்டுச் சொல்லும்போது கண்ணும் அங்கே நிற்கும், பெயரும் மனதில் தங்கும்.

படி 3. பத்து வரை எண்ணிவிட்டுத் துண்டால் மூடுங்கள். பிள்ளை கண்ணைப் பொத்திக்கொள்ளட்டும். ஒரு பொருளை எடுத்து மறைத்துவிடுங்கள்.

படி 4. துண்டை விலக்கி "எது காணோம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன், மிச்சமிருப்பதை மறுபடி தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பையன் ஆரம்பத்தில் துண்டு விலகுவதற்குள்ளேயே "சாவி!" என்று கத்துவான். எடுத்தது ஸ்பூனாக இருந்தாலும் சாவிதான். அது ஞாபக மறதி இல்லை, அவசரம். இந்த விதி வந்த பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

படி 5. அடுத்த சுற்றில் அவன் மறைக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று போதும். "இன்னும் ஒண்ணு பெரியம்மா" என்று கெஞ்சினாலும் நிறுத்திவிடுவேன். அப்போதுதான் மறுநாள் அவனே தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான்.

எப்போது கடினமாக்குவது? ஐந்தில் நான்கு சரியாகச் சொல்வது மூன்று நாள் தொடர்ந்தால் ஒரு பொருளைக் கூட்டுங்கள். இரண்டுக்குக் கீழே போனால் ஒன்றைக் குறையுங்கள். இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. ஐந்து பொருளுக்கு வந்ததும் எல்லாமே சரியாகச் சொன்னான். கவனித்தால், காலியான இடத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்! அன்றிலிருந்து துண்டுக்கு அடியிலேயே பொருள்களை இடம் மாற்றிவிடுகிறேன். திடீரென்று மூன்றுதான் சரியானது. சரி, அங்கிருந்துதான் உண்மையான ஆட்டம் தொடங்கியது.

இதில் ஏழு பொருள் வரை வந்துவிட்டால் வாய்ப்பாடும் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட பயிற்சியில் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி கூடும், படிப்புக்கு அப்படியே தாவாது. ஆனால் தொட்டுப் பெயர் சொல்கிற பழக்கத்தை வீட்டுப்பாடத்துக்குக் கொண்டுபோகலாம். கணக்கு போடும் முன் அதிலுள்ள எண்களைத் தொட்டு வாசிக்கச் சொல்கிறோம்.

வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாகக் கவனம் நிற்காமல் பிள்ளை சிரமப்பட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணையும் காதையும் அப்போதே பரிசோதித்துவிடுங்கள்.