ஃபிளாஸ்க் மூடியில் ஒட்டிய சீட்டு

பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பலருக்கு உடலுறவில் நாட்டம் குறையும், வறட்சியும் இருக்கும். சொல்லாமல் விட்டால் கணவர் அதை வெறுப்பு என்று நினைத்து, தொடவே தயங்குவார். எங்களுக்கும் அப்படித்தான். பேசினால் அழுகை வந்ததால் எழுதி ஒட்டினேன்:

“உங்க மேல ஆசை போகலைங்க. உடம்புதான் ஓஞ்சு கிடக்கு. 10 நிமிஷம் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுங்க. அதுக்கு மேல இப்ப வேண்டாம்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்; எல்லை தெரிந்த பிறகுதான் அவர் தயக்கம் போனது. நேரத்தையும் எழுதுங்கள். இரவு 9 மணிக்குப் பால் கொடுத்து, ஏப்பம் வந்து குழந்தை கண் அயர்ந்ததும் சரியாக இருக்கும். 11 மணிக்கு, பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாலை அவர் புகட்டினால் உங்களுக்கு 3 மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்கும். பால் கட்டி மார்பு வலித்தால் மட்டும் எழுந்து பீய்ச்சிவிடுங்கள்.