கடையை மூடிவிட்டு வேலைக்கு எழுதும் ரெஸ்யூம்

ரெஸ்யூமில் ‘கடை முதலாளி’ என்று மட்டும் எழுதாமல், கேட்கும் வேலைக்குப் பொருந்தும் அன்றாட வேலையை எண்ணோடு எழுதுங்கள். செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி வேலை என்றால் இப்படி: “மளிகைக் கடை நடத்தியவர், 2014–2025. 400 வகைச் சரக்குக்கு இருப்புக் கணக்கு, 6 மொத்த வியாபாரிகளிடம் கொள்முதல், 60 குடும்பங்களின் மாதக் கடன் வசூல்.”

முதலாளி என்று கண்டதும் ‘இன்னொருவர் கீழே இவர் நிலைப்பாரா?’ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். எண்ணைப் பார்த்தால் ஸ்டோர் வேலை தெரிந்த ஆள் என்று புரியும். அதனால் கடன் எழுதி வைத்த 555 நோட்டுப் புத்தகங்களையும் சரக்கு பில்களையும் தூக்கிப் போடுவதற்கு முன்பே அவற்றிலிருந்து இந்த எண்களை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே தடுமாறும். சம்பளச் சீட்டு கேட்டால், வருமான வரிக்குக் கொடுத்த போராங் பி நகலைக் காட்டலாம்.

மேற்பார்வையாளர் வேலைக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே ஆள் வைத்துக் கடை நடத்தியதைத்தான் முதல் வரியில் போட வேண்டும்.