"என்றாவது" பட்டியலைப் பிரித்து வைத்த அனுபவம்

ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் என் வாரத் திட்டத்தில், வினாத்தாள் திருத்துவதும் காமன் கூத்துப் பாடல்களைப் பதிவுசெய்யும் ஆசையும் அடுத்தடுத்த வரிகளில் நின்றன. ஆசை வாரந்தோறும் நிறைவேறாமல் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்ததால், பட்டியலின் மீதே நம்பிக்கை குறைந்தது.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கங்களை "என்றாவது" என்று ஒதுக்கினேன். இந்த வாரம் செய்யக்கூடிய முதற்படியைச் சொல்ல முடியாத எண்ணங்கள் அங்கே போகும். ஆனால் இறுதி நாள் உள்ள வேலையையும், இன்னொருவர் காத்திருக்கும் வேலையையும், மனம் வராவிட்டாலும் அங்கே அனுப்புவதில்லை. அனுப்பினால் அந்தப் பக்கம் கடமைகள் ஒளியும் இடமாகிவிடும்.

அந்தப் பக்கங்களை மாதந்தோறும் பௌர்ணமியில் வரும் போயா விடுமுறை நாட்களில் மட்டுமே வாசிக்கிறேன். வாராவாரம் பார்த்தால் ஆசைகள் மீண்டும் திட்டத்துக்குள் நுழைகின்றன. பார்க்காமலே விட்டாலோ, மனம் அவற்றைத் தானே சுமக்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாவது ஆபத்தே பெரிது என்பது என் கருத்து.

காமன் கூத்து மாசியில் நடப்பதால், அந்த வரியின் அருகில் "தை" என்று குறித்திருந்தேன். தை மாதப் போயாவில் அதை அப்படியே முன்பக்கத்துக்கு மாற்றவில்லை. "சனிக்கிழமை தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் சென்று கூத்து மாஸ்டரிடம் ஒத்திகை நாளைக் கேட்பது" என்ற ஒரு படியை மட்டும் எழுதினேன். அவர் நாளைச் சொன்ன பிறகே, கைபேசியில் பதிவுசெய்யும் வேலை அந்த வாரத்துக்குரிய திட்டத்தில் இடம்பெற்றது. பாடல்களை எழுத்தில் பெயர்த்துத் தொகுக்கும் எண்ணம் இன்னும் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது.